கொசுவுக்கு முன் செல்லும் வரைபடம்

செங்கடலின் தென்வாயிலில், ஏமன் நாட்டுக்கு எதிர்க்கரையில் அமைந்திருக்கும் ஜிபூட்டி என்னும் சிறு தேசத்தின் துறைமுக நகரில், 2012ஆம் ஆண்டு, அதுவரை ஆப்பிரிக்கக் கண்டத்தில் எவரும் கண்டறியாத ஒரு கொசு அகப்பட்டது. அனாபிலிஸ் ஸ்டீஃபென்சி என்பது அதன் பெயர். லிஸ்டன் என்னும் மருத்துவர் 1901இல் இந்தியாவில் பிடித்த கொசுக்களைக் கொண்டு அதை முதன்முதலில் வருணித்தார். பாரசீக வளைகுடா முதல் வங்கக் கரை வரையில் நெடுங்காலமாகக் குடியிருந்துவரும் இந்த ஜந்து, சென்னையின் மாடிகளில் மூடாமல் விடப்பட்ட தண்ணீர்த் தொட்டிகளுக்கும் கிணறுகளுக்கும் மிகப் பழைய விருந்தாளி. அந்நகரத்து மலேரியாவைச் சுமந்து திரிவதும் இதுவே. ஜிபூட்டியில் மலேரியா அநேகமாக ஒழிந்துவிட்டது என்று கருதப்பட்ட அந்த 2012ஆம் ஆண்டில் பதிவான நோயாளிகள் 27 பேர். 2020ஆம் ஆண்டில் பதிவானவர்கள் 73,535 பேர். இந்தப் பெருக்கம் முழுவதற்கும் ஒரு கொசுவின் வரவு மட்டுமே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை என்றாலும், அந்த வரவை நீக்கிவிட்டு இதற்குக் காரணம் கூற முயன்றவர் எவரும் மனநிறைவு பெறவில்லை.

2016இல் எத்தியோப்பியாவின் கெப்ரி டெஹார் நகரத்தில் அது காணப்பட்டது. பின்னர் சூடான், சோமாலியா, நைஜீரியா, கென்யா, கானா என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்திகள் வந்தன. இனி எங்கே என்னும் வினாவுக்குக் கொசு தானே விடை சொல்லும்வரை காத்திருந்தால், அந்த விடை ஆஸ்பத்திரிக் கணக்குகளின் வாயிலாகத்தான் வந்து சேரும். கொசு போய்ச் சேருமுன்பே அது வாழக்கூடிய இடங்களைக் குறித்து வைக்கும் வித்தை ஒன்று உண்டு. அதன் வழிமுறையையும், அதன் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் இந்த ஒரு கொசுவின் சரித்திரத்தைப் பின்பற்றிக்கொண்டே இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

முதலில் கொசுவின் சுபாவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் சுதேசிக் கொசுக்களுள் தலையாயதான அனாபிலிஸ் காம்பியே கிராமத்துக் கொசு; மழை பெய்து, மாட்டுக் குளம்புகளின் பள்ளங்களிலும் வண்டிச் சுவடுகளிலும் வெயில்படும்படி தேங்கி நிற்கும் தண்ணீரில் அது முட்டையிடும். ஆகையால் அங்கே மழைக்காலம் என்பதும் மலேரியாக் காலம் என்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்துவந்தன. நகரங்கள் விரிய விரிய மலேரியா குறையும் என்னும் நம்பிக்கைக்கும் இடம் இருந்தது. ஸ்டீஃபென்சியோ மழையை நம்பி வாழ்வதில்லை. மனிதன் தன் தேவைக்கென்று சேமித்து வைக்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும். மேல்நிலைத் தொட்டி, தரைக்கடியில் கட்டிய தொட்டி, பீப்பாய், கிணறு, கட்டட வேலைக்காகத் தேக்கிய நீர் ஆகிய எதுவும் அதற்குப் பிரசவ அறையாகும். பம்பாயின் மலேரியாவுக்குக் காரணம் தேடி 1911இல் அறிக்கை எழுதிய பெண்ட்லி, அந்த மாநகரத்தின் வீட்டுக் கிணறுகளில் இந்தக் கொசுவைக் கண்டு, கிணறுகளைக் கொசு நுழையாதபடி மூட வேண்டும் என்று வற்புறுத்தினார். நூறு ஆண்டுகளுக்கு முன் பம்பாய் கற்ற அந்தப் பாடம், இன்று வரைபடம் வரைவோருக்கு வேறொரு விதத்தில் தொல்லையாக வந்து நிற்பதைப் பின்னால் காண்போம்.

ஓர் உயிரினம் வாழ்வதற்கு எவ்வெந் நிலைமைகள் வேண்டுமோ அவற்றின் தொகுதிக்குச் செயல்வாழிடம் என்று பெயர். கலிபோர்னியாவில் புதர்களுக்கிடையே வாழும் ஒரு பறவையை ஆராய்ந்த ஜோசப் கிரின்னல் 1917இல் இந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1957இல், ஈவ்லின் ஹட்சின்சன் அதைக் கணித உருவாக்கினார். வெப்பத்தை ஓர் அச்சாகவும் ஈரத்தை மற்றோர் அச்சாகவும் வேண்டிய பிற நிலைமைகளை மேலும் மேலும் அச்சுகளாகவும் கொண்ட ஒரு வெளியை மனத்தில் கற்பித்துக்கொண்டால், அந்த உயிரினம் சந்ததியோடு நிலைத்திருக்கக்கூடிய பகுதி அந்த வெளியில் ஒரு கனவடிவமாக அமையும் என்றார் அவர். இந்த வெளி பூகோளத்தைச் சேர்ந்ததன்று என்பதைக் கவனிக்க வேண்டும். மதுரைக்கும் ஆப்பிரிக்காவின் ஏதோ ஒரு நகரத்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் இருக்கலாம். ஆனால் வெப்பமும் மழையும் ஒத்திருந்தால், ஹட்சின்சனின் வெளியில் அவை அடுத்தடுத்த வீடுகளே. வரைபடக்காரன் செய்வதெல்லாம் பூமியிலிருந்து அந்த வெளிக்குச் சென்று கொசுவின் கனவடிவத்தை அளந்துகொண்டு, மீண்டும் பூமிக்கு வந்து அதே நிலைமைகள் வேறெங்கெங்கு உள்ளன என்று குறித்துக் காட்டுவதேயாகும்.

ஹட்சின்சன் மற்றொரு வேறுபாட்டையும் செய்தார். உடலமைப்பினால் ஓர் உயிரினம் எங்கெங்கு வாழக்கூடுமோ அது அதன் அடிப்படைச் செயல்வாழிடம். போட்டியிடும் உயிர்களுக்கும் பகை உயிர்களுக்கும் இடையே அதற்கு மெய்யாகக் கிடைத்திருப்பது அதனினும் குறுகியது. இதனோடு, போய்ச் சேர முடிந்ததா என்னும் மூன்றாவது விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஹோர்ஹே சொபரோனும் டவுன்சென்ட் பீட்டர்சனும் 2005இல் வற்புறுத்தினார்கள். இந்த மூன்றாவது விஷயத்தின் வலிமையை விளக்க நமக்கு அருகிலேயே உதாரணம் கிடைக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். இரு கரைகளிலும் வெயில் ஒன்று, வறட்சி ஒன்று, கிணற்று நீரை நம்பிய வாழ்வும் ஒன்று. ஆயினும் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு இருந்த ஸ்டீஃபென்சி இலங்கையில் எவர் கண்ணிலும் படாமலே இருந்தது. மலேரியா ஒழிந்த நாடு என்னும் சான்றிதழை உலகச் சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் இலங்கைக்கு அளித்த சில மாதங்களுக்குள், மன்னார்ப் பகுதியின் கிணறுகளில் அதன் இளம்புழுக்கள் காணப்பட்டன. பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் காணப்பட்டன. மன்னாரின் சீதோஷ்ணம் 2016இல் புதிதாக மாறிவிடவில்லை. வாழ்வதற்குரிய இடம் எப்போதும் ஆயத்தமாகவே இருந்தது. வழிதான் திறக்காமல் இருந்தது. 2016க்கு முன் மன்னாரைக் ‘கொசு இல்லாத இடம்’ என்று பதிவு செய்து ஒரு மாதிரியைக் கட்டியிருந்தால், அந்த மாதிரி, இத்தகைய வெயிலும் வறட்சியும் இந்தக் கொசுவுக்கு ஆகாது என்று இராமநாதபுரத்துக்கே பொருந்தாத ஒரு பொய்யைக் கற்றுக்கொண்டிருக்கும்.

இதனால்தான் இந்தத் துறையில் இல்லாமையைக் குறிக்கும் புள்ளிகளை மிக்க அச்சத்தோடு கையாள்கிறார்கள். கொசு அகப்பட்டது என்பது பிரத்தியட்சம். அகப்படவில்லை என்பது பல பொருள்களுக்கு இடம் தருவது. ஆப்பிரிக்காவில் இது இன்னும் சிக்கலானது. அங்குள்ள பூச்சியியலாளர்கள் கொசுக்களை இனம் பிரிக்கப் பல்லாண்டுகளாகக் கையாண்டு வந்த, 1987இல் வெளியான கில்லீஸ்–குட்ஸியா நூலின் இனங்காணும் அட்டவணையில் ஸ்டீஃபென்சிக்கு இடமே இல்லை. இல்லாத விருந்தாளிக்கு அட்டவணையில் இடம் ஒதுக்குவானேன் என்று அப்போது நினைத்ததில் தவறு இல்லை. ஆனால் அதன் விளைவாக, அந்த அட்டவணையை நேர்மையாகப் பின்பற்றும் ஒருவர் கையில் இந்தக் கொசு அகப்பட்டாலும், அதற்கு வேறொரு சுதேசிக் கொசுவின் பெயரே கிடைக்கும். மேலும், மழைத் தேக்கங்களில் புழுக்களைத் தேடியும் கிராமத்து வீடுகளில் விளக்குப் பொறி வைத்தும் பழகிய கைகள், நகரத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பது அரிது. ஆகவே ‘காணப்படவில்லை’ என்னும் பதிவுகளில் எத்தனை மெய்யான இல்லாமை, எத்தனை பார்க்காமை என்று எவராலும் பிரித்துக் கூற இயலாது.

அப்படியானால், இருப்புப் புள்ளிகளை மட்டும் கொண்டு என்ன செய்வது? பிரசுரமான ஆராய்ச்சிகளையும் அரசாங்க அறிக்கைகளையும் அலசி, கொசு பிடிபட்ட ஊர்களின் அட்சரேகை தீர்க்கரேகைகளைத் திரட்டுவது பூர்வாங்க வேலை. நூற்றுக்கணக்கான புள்ளிகள் சேர்வதற்கே மாதக்கணக்கில் ஆகும். மாவட்டத்தின் பெயரை மட்டும் சொல்லி ஊரைச் சொல்லாத பதிவுகளைத் தள்ள வேண்டும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிக் கடலுக்கு நடுவே விழுந்த புள்ளிகளைத் திருத்த வேண்டும். ஒரே நகரத்தில் இருபது முறை பிடித்ததை இருபது சாட்சியங்களாக எண்ணிவிடாமல், ஒரு கட்டத்துக்கு ஒன்று என்று மெலிவிக்க வேண்டும். அடுத்து, பூமி முழுவதையும் சிறு சதுரக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலைமைகளை எழுதிய எண்படலங்கள் வேண்டும். வேர்ல்ட்கிளிம் என்னும் தொகுப்பில், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களுக்கு, ஆண்டுச் சராசரி வெப்பம், மிகக் குளிர்ந்த மாதத்தின் வெப்பம், மிக வறண்ட காலாண்டின் மழை என்று 19 அளவுகள் கிடைக்கின்றன. பத்தொன்பதையும் அப்படியே போட்டுவிடுவது கூடாது. அவற்றுட் பல ஒன்றையொன்று ஒத்தே ஏறி இறங்குவதால், எந்த அளவுக்கு எந்தப் பங்கு என்று மாதிரி குழம்பிப்போகும். கொசுவின் வாழ்க்கையை அறிந்தவர் அவற்றுள் ஆறேழு படலங்களைத் தெரிந்தெடுத்து, செயற்கைக்கோள் தந்த பசுமை அளவையும் மக்கள் அடர்த்தியையும் கூட்டிக்கொள்வார்.

இருப்பை எதனோடு ஒப்பிடுவது என்பது அடுத்த கேள்வி. இல்லாமைப் புள்ளிகளுக்குப் பதிலாக, அந்தப் பிரதேசத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்தாயிரம் கட்டங்களைப் பொறுக்கி, ‘இந்த நிலப்பரப்பில் பொதுவாகக் கிடைக்கும் நிலைமைகள் இவை’ என்று பின்னணியாக வைப்பார்கள். கொசு பிடிபட்ட கட்டங்களின் நிலைமைகள் இந்தப் பொதுப் பின்னணியிலிருந்து எவ்வாறு விலகி நிற்கின்றன என்பதையே மாதிரி கற்றுக்கொள்கிறது. 2006இல் ஸ்டீவன் பிலிப்ஸ், ராபர்ட் ஆண்டர்சன், ராபர்ட் ஷபையர் ஆகிய மூவர் வெளியிட்ட ‘மேக்ஸெண்ட்’ முறை இதற்குப் பெரிதும் பயன்பட்டு வருகிறது. எட்வின் ஜேன்ஸ் பௌதிகத்திலிருந்து 1957இல் எடுத்துக்காட்டிய ஒரு நியாயம் அதற்கு அடிப்படை: கொசு பிடிபட்ட இடங்களின் சராசரி வெப்பம், சராசரி மழை முதலியவற்றோடு ஒத்துப்போகும் பரவல்கள் எண்ணற்றவை இருக்கலாம், அவற்றுள் எது எல்லாக் கட்டங்களுக்கும் இயன்றவரை சமமாகப் பகிர்ந்து கொடுக்கிறதோ, அதாவது நாம் அறியாத எதையும் அறிந்ததாகப் பாவனை செய்யாமல் நிற்கிறதோ, அதையே ஏற்றுக்கொள்ள வேண்டும். மனிதனுடைய அநுமானங்களில் இத்தனை அடக்கமுள்ளதொரு விதியைக் காண்பது அரிது என்றே எனக்குத் தோன்றுகிறது. விளைவாகக் கிடைப்பது ஒவ்வொரு கட்டத்துக்கும் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே உள்ள ஓர் எண். பத்திரிகைகளில் அந்த எண்ணைக் ‘கொசு இருப்பதற்கான நிகழ்தகவு’ என்று எழுதிவிடுகிறார்கள். அஃது அப்படியன்று, அந்தக் கட்டம் கொசு விரும்பும் நிலைமைகளுக்கு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதன் ஒப்பளவே அது. 0.8 என்றால் நூற்றுக்கு எண்பது இடங்களில் கொசு இருக்கும் என்று பொருளில்லை.

இனி, இந்த வித்தை எவ்விடங்களில் வழுக்குகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் வண்ணம் தீட்டிய வரைபடம் கண்ணுக்கு இனிது. அதை ஐயத்தோடு பார்க்கப் பலருக்கு மனம் வருவதில்லை.

முதலாவது வழுக்கல் ஆராய்ச்சியாளர்களின் காலடிகளால் நேர்வது. ஸ்டீஃபென்சியின் பதிவுகள் மலேரியா ஆராய்ச்சி நிலையங்கள் உள்ள நகரங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள சாலைகளையும் ஒட்டியே திரண்டிருக்கின்றன; எவரும் போகாத வட்டாரத்தில் எந்தப் பதிவும் இராது. வலை விழுந்த இடங்களை வைத்தே மீன் வாழும் கடலை வரைவது போன்ற பிழை இது. பரிகாரம் ஒன்று உண்டு: பின்னணிக் கட்டங்களைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்காமல், வேறு அனாபிலிஸ் கொசுக்களைத் தேடி மனிதர் போன இடங்களிலிருந்தே பொறுக்கினால், இருப்புப் புள்ளிகளிலும் பின்னணியிலும் ஒரே காலடிகள் இருக்கும், இரண்டையும் ஒப்பிடும்போது காலடிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, கொசுவின் விருப்பம் மிஞ்சும்.

இரண்டாவது வழுக்கல் சோதனையில் நேர்வது. புள்ளிகளில் நான்கில் ஒரு பங்கை ஒளித்துவைத்து, மற்றவற்றால் மாதிரியைக் கட்டி, ஒளித்தவற்றை அது கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். ஆனால் ஒளித்த புள்ளி சென்னையின் ஒரு பேட்டையிலும், கற்பித்த புள்ளி அடுத்த பேட்டையிலும் இருந்தால், இரண்டு இடங்களின் வெப்பமும் மழையும் ஒன்றே. சோதனையில் தேறுவதில் பெருமை ஒன்றுமில்லை. பின்னணியைச் சகாராவுக்கும் திபெத்துக்கும் அகலமாக விரித்துவிட்டாலும் இதே மயக்கம் உண்டாகும். பனிமலையில் கொசு இல்லை என்று சொன்னதற்கெல்லாம் மதிப்பெண் சேர்ந்து, மதிப்பு 0.95 என்று மின்னும். மெய்யான சோதனை வேறு. ஒரு பெரும் பிரதேசத்தையே முழுதும் மறைத்துவிட்டு, எஞ்சிய பிரதேசங்களால் கட்டிய மாதிரி அதை முன்கூட்டிச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவையும் பாகிஸ்தானையும் கொண்டு கட்டியது அரேபியத் தீபகற்பத்தைச் சொல்கிறதா என்பதே, ஆப்பிரிக்காவைப் பற்றி அது சொல்லப்போவதை நம்பலாமா என்பதற்கு ஓரளவேனும் உரைகல்லாகும். இப்படிச் சோதித்தால் அந்த மின்னும் எண் இறங்கிவிடும். இறங்கிய எண்ணே மரியாதைக்குரியது.

மூன்றாவது, கற்றறியாத நிலைமைகளுக்கு மாதிரி நீளும்போது நேர்வது. ஆப்பிரிக்காவின் சில கட்டங்களில், பயிற்சிப் புள்ளிகளும் பின்னணியும் ஒருபோதும் கண்டிராத வெப்பமோ மழையோ அவற்றின் சேர்க்கையோ இருக்கலாம். அங்கே மாதிரி மௌனமாக இருப்பதில்லை. கடைசியாகக் கண்ட போக்கையே நீட்டி ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடும். இதை அறிய, ஒவ்வொரு கட்டத்தின் நிலைமைகளும் பயிற்சி நிலைமைகளின் எல்லைக்குள் அடங்குகின்றனவா என்று கணக்கிட்டு இரண்டாவது வரைபடம் ஒன்று வரைவார்கள். ஜேன் எலித்தும் அவருடைய சகாக்களும் 2010இல் இந்தக் கணக்கை முறைப்படுத்தினார்கள். முதல் வரைபடத்தை வெளியிட்டு இந்த இரண்டாவதை வெளியிடாதவர்களின் வேலையை நான் பாதி வேலை என்றே கொள்வேன்.

நான்காவது, ஸ்டீஃபென்சிக்கே உரியது. என் மனத்தில் மிகக் கனமாக நிற்பதும் அதுவே. படலங்கள் கூறும் வெப்பம் திறந்தவெளிக் காற்றின் வெப்பம். கொசு வாழ்வது தொட்டிக்குள்ளும் நிழல் சுவர்களுக்கிடையிலும். ஜிபூட்டியின் கோடையில் காற்று 40 பாகைக்கு மேல் காயும். முதல் ஆண்டுகளில் இந்தக் கொசு அந்தக் கோடையில் மறைந்து, வெப்பம் தணிந்த மாதங்களில் மட்டும் தலைகாட்டியது. பின்னர், 2017 முதல், ஆண்டு முழுவதுமே காணப்படலாயிற்று. சீதோஷ்ணப் படலத்தில் இதற்கிடையே எந்த மாற்றமும் இல்லை. கொசு புதிய வலிமை பெற்றதோ, கோடையைக் கழிக்கத்தக்க தொட்டிகளையும் நிழல்களையும் கண்டுகொண்டதோ, மாதிரியால் சொல்ல இயலாது. மழைப் படலத்தின் நிலையும் இதுதான். பெரும்பாலான கொசுக்களுக்கு மழையே தண்ணீர். இதற்கோ மழை பெய்யாமை தண்ணீர். குழாயில் நீர் ஒழுங்காக வராத ஊரில் மக்கள் நீரைச் சேமிப்பார்கள். சேமித்த இடத்தில் இது பிறக்கும். வறண்ட கட்டத்தில் மாதிரி கொசுவுக்குச் சாதகம் காண்கிறதென்றால், அது காண்பது வறட்சியின் குணத்தையன்று, வறட்சிக்கு மனிதன் செய்த மாற்றையே. மக்கள் அடர்த்தி என்னும் படலத்தைச் சேர்ப்பதும் இதற்கொரு குறைபட்ட பதிலிதான். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வீடுகளில் மூடாத் தொட்டி உண்டு, வாரத்தில் எத்தனை நாள் குழாயில் நீர் வருகிறது என்னும் படலத்தை எந்தச் செயற்கைக்கோளும் தருவதில்லை.

இத்தனை எச்சரிக்கைகளோடும் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மரியான் சின்காவும் அவருடைய சகாக்களும் 2020இல் ஆப்பிரிக்காவுக்கு அந்த வரைபடத்தை வெளியிட்டார்கள். ஒரு மாதிரியை மட்டும் நம்பாமல் பல மாதிரிகளின் தீர்ப்பை ஒருங்கிணைத்து அவர்கள் கண்ட முடிவில், கொசு வாழ்வதற்கு மிகவும் தகுந்தவையாக 44 பெருநகரங்கள் குறிக்கப்பட்டன. அவற்றில் வாழும் மக்கள் 12 கோடியே 60 லட்சம். கிராமத்து நோய் என்று எண்ணப்பட்டதற்கு நகரத்தில் இத்தனை பேர் இரையாகக் கூடும் என்று அதற்குமுன் எவரும் எண்ணிட்டுச் சொன்னதில்லை.

அந்த வரைபடத்தில் எத்தியோப்பியாவை மட்டும் எடுத்து நெருங்கிப் பார்ப்போம். கிழக்கே, சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், ஜிபூட்டியிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் ரயில் பாதையின் மீது டிரே டாவா என்னும் நகரம் இருக்கிறது; அதன் ஆண்டுச் சராசரி வெப்பம் 25 பாகையை ஒட்டியது. தலைநகரான அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேலே. அங்கே சராசரி 16, 17 பாகைதான். கொசுவின் செயல்வாழிடத்தை மட்டும் வரைந்தால் போதாது என்பது இங்கே தெளிவாகும். கொசு வாழ்ந்தாலும், அதன் உடலுக்குள் மலேரியாக் கிருமி முதிர வேண்டுமே! இதற்கு டெட்டினோவா என்னும் சோவியத் விஞ்ஞானியின் பெயரோடு வழங்கும் ஒரு சுலபமான கணக்கு உண்டு: கொடிய வகையான பால்சிபாரம் கிருமி முதிர ஆகும் நாள்கள், 111ஐச் சராசரி வெப்பத்திலிருந்து 16ஐக் கழித்த மிச்சத்தால் வகுத்தால் கிடைக்கும். டிரே டாவாவின் 25 பாகைக்கு மிச்சம் 9. ஆகவே பன்னிரண்டு நாள்களுக்குச் சற்று மேல். 20 பாகைக்கு மிச்சம் 4. ஏறக்குறைய இருபத்தெட்டு நாள். 17 பாகைக்கு மிச்சம் 1. நூற்றுப் பதினோரு நாள். இரண்டு மூன்று வாரமே உயிர்வாழும் பெரும்பாலான கொசுக்கள் நூற்றுப் பதினோரு நாள் காத்திருக்கப் போவதில்லை. எனவே அடிஸ் அபாபாவின் தொட்டியில் ஒருநாள் ஸ்டீஃபென்சி காணப்பட்டாலும், அங்கே இன்றைய வெப்பத்தில் நோய் தொடராக வளர்வது அரிது. டிரே டாவாவிலோ ஒவ்வொரு கொசுவும் அபாயத்துக்கு முழு அவகாசம் பெற்றது. கொசுவின் வரைபடத்தின் மேல் கிருமியின் வரைபடத்தை வைத்துப் பார்க்கும்போதுதான், கவலைப்பட வேண்டிய கட்டங்கள் தனித்துத் தெரிகின்றன.

டிரே டாவாவில் பின்னர் நடந்தது அச்சமூட்டுவது. 2022ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், மழையில்லாத காலத்திலேயே, அங்கு மலேரியா பொங்கிற்று. 2019இன் அதே மாதங்களில் இருநூறு பேர் அளவில் இருந்த நோயாளிகள் இரண்டாயிரத்து நானூறுக்கு மேல் ஆனார்கள். பல்கலைக்கழக மாணவர் விடுதிகளிலும் நோய் புகுந்தது. நோயாளிகளின் வீடுகளைச் சுற்றி ஆராய்ந்தபோது பிடிபட்ட அனாபிலிஸ் கொசுக்களுள் மிகப் பெரும்பாலானவை ஸ்டீஃபென்சியாகவே இருந்தன. அருகில் அது பெருகும் தண்ணீர் இருந்த வீடுகளில் நோய் மிகுதியாக இருந்தது. வறண்ட காலத்து மலேரியா என்னும் இந்த அடையாளம், பழைய கொசுவின் வேலை அன்று, புதிய கொசுவின் வேலை என்பதற்கு ஏறக்குறையக் கையெழுத்துப் போன்றது.

வரைபடம் தகுதியைச் சொல்லும், வருகையைச் சொல்லாது. தகுதி உள்ள 44 நகரங்களில் எதற்கு முதலில் ஆளை அனுப்புவது என்று அறிய வழியையும் அளக்க வேண்டும். கொசு சரக்கோடு, குறிப்பாகக் கப்பலில், பிரயாணம் செய்கிறது என்னும் ஊகத்தை ஜோர்டன் ஆன் என்பவரும் சின்கா முதலிய அவருடைய சகாக்களும் 2023இல் ஒரு நேர்த்தியான உபாயத்தால் சோதித்தார்கள். கொசு ஆப்பிரிக்காவில் காணப்படுவதற்கு முந்திய 2011ஆம் ஆண்டின் கடல் வாணிகக் கணக்கை எடுத்து, கொசு குடியிருக்கும் நாடுகளின் துறைமுகங்களோடு எந்தெந்த ஆப்பிரிக்க நாடு மிகுந்த தொடர்பு உடையது என்று, வாழிடத் தகுதியையும் சேர்த்து வரிசைப்படுத்தினார்கள். வரிசையின் தலையில் நின்றவை சூடானும் ஜிபூட்டியும். கொசு முதலில் காணப்பட்ட நாடுகளுள் அவை இரண்டும் உண்டு. நிகழ்ந்து முடிந்ததைக் கணித்ததுதானே என்று இதை ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படி ஒதுக்கமாட்டேன். விடையை மறைத்துவைத்துக் கேட்ட கேள்விக்குக் கணக்கு நேராக விடையளித்திருக்கிறது. ஆனால் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு அது செல்லும் வழி கப்பல் கணக்கில் அகப்படாது. கென்யாவில் 2022இல் அது காணப்பட்ட மார்சபிட், கடற்கரையிலிருந்து நெடுந்தூரம் உள்ளே, எத்தியோப்பியாவிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையின் மேல் அமைந்த வறண்ட மாவட்டம். அங்கே அதற்கு வாகனமாக இருந்திருக்கக் கூடியவை லாரிகள். ஆகையால் அடுத்த வரைபடத்துக்குக் கப்பல் கணக்கோடு சாலைப் போக்குவரத்தின் கணக்கும் வேண்டும்.

ஆகவே களத்துக்குச் செல்லும் அதிகாரி கையில் எடுத்துச் செல்ல வேண்டியது ஒரு வரைபடமன்று, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கத்தக்க நான்கு: கொசுவுக்குத் தகுந்த கட்டங்கள், கிருமி முதிரத்தக்க கட்டங்கள், மாதிரி அறியாமல் ஊகித்த கட்டங்கள், வழி திறந்திருக்கும் கட்டங்கள். முதல் இரண்டும் கடைசியும் ஒன்றுசேரும் நகரத்தில் அவர் துறைமுகக் கிடங்குக்கும் லாரி நிறுத்தத்துக்கும் அருகிலுள்ள தொட்டிகளிலிருந்து தொடங்கலாம். மூன்றாவது வரைபடத்தில் நிறமேறிய நகரத்தில் மாதிரியின் சொல்லை மறந்துவிட்டு, வழியை மட்டும் நம்பித் தேட வேண்டும். தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால், எத்தனை தொட்டிகளை எந்த மாதத்தில் பார்த்தார் என்பதை எழுதி வைக்க வேண்டும். எழுதப்படாத இல்லாமை அடுத்த முறை வரைபவருக்குப் பயன்படாது. எழுதப்பட்ட இல்லாமையோ, இருப்பைப் போலவே ஒரு சாட்சியமாகி, அந்தக் கட்டத்தின் எண்ணை மாற்றும். ஆப்பிரிக்காவில் கிடைத்த புதிய புள்ளிகளைச் சேர்த்து மாதிரிகளைத் திரும்பக் கட்டும்போது, இந்திய வெயிலில் கற்ற பழைய எல்லைகள் எங்கே விரிகின்றன, எங்கே அப்படியே நிற்கின்றன என்று பார்ப்பதுதான் இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலை.